பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை: தேயிலையும் இறப்பரும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனை ஏக்கருக்கு மேல் இருந்தால் அது பெருந்தோட்டம்?

ஏக்கர் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நூறு ஏக்கரில் நெல் விதைக்கிறவரும் பெரிய விவசாயிதான், ஆனால் அவருடைய வயல் பெருந்தோட்டம் ஆகாது. அடுத்த போகத்துக்கு அவர் வேறு பயிர் போடலாம். அறுத்த நெல்லைக் களஞ்சியத்தில் வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம், அதில் ஒரு பகுதியைச் சாப்பிடவும் செய்யலாம்.

தேயிலைத் தோட்டத்தில் இது ஒன்றும் நடக்காது. ஒரே பயிர், அதுவும் பல பத்தாண்டு நிற்கும் பயிர். முதலீடு வெளியிலிருந்து வந்தது. வேலை செய்கிறவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டுத் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் கங்காணி, கணக்குப்பிள்ளை, வெளிவேலையைப் பார்க்கும் கண்டக்டர், தோட்டத்தை நடத்தும் துரை என்று படிப்படியாக மேற்பார்வை. விளைந்ததைப் பதப்படுத்தும் தொழிற்சாலை தோட்டத்திலேயே இருக்கிறது. சரக்கு கடல் கடந்து போகிறது. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பெருந்தோட்டம். கீழே பெரும்பாலும் இலங்கையை வைத்தே பேசுகிறேன். தேயிலை, இறப்பர் இரண்டையும் ஒரே நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இங்கே முடியும்.

இலங்கையில் முதலில் கோப்பிதானே இருந்தது? தேயிலையும் இறப்பரும் எப்படி வந்தன?

ஆமாம், கோப்பிதான். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலே விழுந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால், 1867இல், கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன நிலமும், அதற்காகப் போட்ட பாதையும் ரயிலும், அதற்காகக் கொண்டுவந்த ஆட்களும் அப்படியே தேயிலைக்குக் கைமாறின.

இறப்பரின் சொந்த ஊர் அமேசன் காடு. 1876இல் ஹென்றி விக்கம் சுமார் 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்டது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. மலாயாவின் இறப்பர்க் காடுகளின் தொடக்கம் இதுதான். அமேசனில் இறப்பரைத் தோட்டமாக நடப் பார்த்தவர்கள் அங்குள்ள இலைக்கருகல் நோயால் தோற்றார்கள். கார் முதலாளி ஹென்றி போர்டு 1928இல் பெரும் பணத்தோடு இறங்கினார், 1945இல் அவருடைய கம்பனி அதைக் கைவிட்டது. பிறந்த மண்ணில் மரத்தோடு நோயும் இருந்தது. ஆசியாவுக்கு மரம் வந்தது, அந்த நோய் வரவில்லை.

தொழிற்சாலையை நகரத்தில் வைத்தால் என்ன? ஏன் மலை உச்சியில்?

பறித்த கொழுந்து காத்திருக்காது. செடியிலிருந்து பிரிந்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, சூட்டை வெளியிடுகிறது. சாக்கில் அழுத்தி அடைத்து லொறியில் அரை நாள் வைத்தால் நடுவில் இருக்கும் இலை வெந்ததுபோல் சிவந்துவிடும். சாக்குக்குள் கையை விட்டால் சூடு தெரியும். அந்த இலையில் எப்படித் தேயிலை அரைத்தாலும் சாயம் மங்கலாகத்தான் வரும்.

அதனால் கொழுந்து அன்றைக்கே ‘ஸ்டோர்’ என்று தோட்டத்தார் சொல்லும் தொழிற்சாலைக்குப் போகிறது. இரவு முழுக்கக் காற்று ஊதி வாட்டி, மறுநாள் காலையில் உருட்டி, சில மணி நேரம் பரப்பி வைத்து நிறம் மாற விட்டு, சூடான காற்றில் காய வைக்கிறார்கள். மலைநாட்டுப் பழைய ஸ்டோர்கள் மூன்று நான்கு மாடி உயரத்தில் நிற்பதற்குக் காரணம் இலையை வாட்ட இடம் வேண்டும் என்பதே.

இறப்பர்ப் பாலும் அப்படித்தான். மரத்திலிருந்து வடிந்த சில மணி நேரத்தில் தானாகவே உறையத் தொடங்கும். அதற்குள் கொண்டுபோய் வடிகட்டி, தண்ணீர் கலந்து, போமிக் அமிலம் விட்டு நம் விருப்பப்படி உறைய வைக்க வேண்டும். பிறகு உருளையில் அழுத்தித் தாளாக்கி, புகைக் கூண்டில் சில நாள் தொங்க விடுகிறார்கள். தவறவிட்டால் கோப்பையிலேயே கட்டியாகிவிடும். அது வீணாவதில்லை, ஆனால் தாளுக்குக் கிடைக்கும் விலை அதற்கு இல்லை.

இந்த அவசரம்தான் பெருந்தோட்டத்தின் உருவத்தையே தீர்மானித்தது என்பது என் எண்ணம். காட்டில் விளைகிற பயிராக இருந்தும் நேரக் கணக்கில் ஓட வேண்டும். அதனால் ஆள் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும், ‘பிரட்டு’ என்னும் காலை அணிவகுப்புக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும், மலையில் எந்த நிரையில் யார் நிற்கிறார் என்பதுகூட மேலே இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பால் வெட்டுவது அப்படி என்ன கடினமான வேலை? மரத்தைக் கீறிவிட்டால் பால் வடியுமே?

வடியும். கூடவே மரமும் கெட்டுப்போகும்.

கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழித்து, தண்டின் சுற்றளவு 50 சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகே கத்தி வைக்கிறார்கள். வெட்டு தண்டின் பாதிச் சுற்றுக்கு, இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாக, சுமார் 30 பாகை சரிவில் ஓடும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்கு மேல் எடுத்தால் பட்டை வீண். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஆழம் கூடினால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் வளர்படை காயப்படும். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் பட்டை தீரும். ஒரு பக்கம் முடிய ஆறு ஆண்டு, மறுபக்கத்துக்கு இன்னும் ஆறு ஆண்டு. அதன் பிறகு முதல் பக்கத்தில் வளர்ந்த புதுப் பட்டைக்குத் திரும்ப வேண்டும். முன்பு ஆழமாக வெட்டிய கையின் பிழை அப்போதுதான் தோட்டத்துக்குச் செலவாகத் தெரியும். அதற்குள் அந்தத் தொழிலாளி வேறு தோட்டத்துக்கே போயிருக்கலாம். நல்ல வெட்டாளிக்குத் தோட்டங்கள் போட்டி போடுவதற்குக் காரணம் இது.

நேரம் விடியற்காலை. வெயில் ஏறினால் இலை வழியே நீர் போகும், குழாய்க்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டோடு போய் 250, 300 மரம் வெட்டி முடித்து, திரும்பவும் முதல் மரத்துக்கு வந்து பால் எடுக்கிறார்கள். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. பால் வெட்டுப்பள்ளத்தை விட்டு வழிந்து மண்ணில் போய்விடும். மழை நாள் என்றால் சம்பளமும் இல்லாத நாள் என்பதுதான் இறப்பர்த் தோட்டத்தின் பழைய துயரம். மரத்தில் மழைக்கவசம் கட்டிய இடங்களில் ஓரளவு சமாளிக்கிறார்கள்.

உள்ளூரில் ஆள் இருக்கும்போது தமிழ்நாட்டிலிருந்து ஏன் கூட்டி வந்தார்கள்?

கண்டிய விவசாயிக்குச் சொந்தமாக வயல் இருந்தது. விதைப்புக்கும் அறுவடைக்கும் அவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆண்டு முழுக்க, நாள்தோறும், தோட்டம் சொல்கிற கூலிக்கு வரும் ஆள் அவர் இல்லை. தென்மேற்குத் தாழ்நாட்டு இறப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மக்களும் கணிசமாகப் பால் வெட்டப் போனார்கள்.

மலைநாட்டுக்கு ஆள் வந்தது திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அங்கிருந்து தள்ளின. கங்காணி அவர்களைத் திரட்டினார். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பிப் போனார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து உண்டு. அதனால் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள். கொழுந்து எடுக்கப் பெண்கள் தேவைப்பட்டதால் ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகவே குடியேற்றம் நடந்தது.

கடன்தான் கயிறு. பயணச் செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ ஒன்று வேண்டும். அந்தத் தொகையைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் விடுதலை, அதுவும் புதுத் தோட்டத்தில் அதே கடனோடு. தம்முடைய ஆட்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு உண்டு. நோயாளியையும் அவர் மலைக்கு விரட்டியதற்கு இதுவே காரணம். துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

மலாயா இறப்பருக்கும் கங்காணிகள் இதே மாவட்டங்களில்தான் ஆள் பிடித்தார்கள். அங்கே ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. இந்திய அரசு ஆள் அனுப்புவதை 1938இல் தடை செய்தது.

நாள் சம்பளம் என்கிறார்கள், பிறகு கிலோ கணக்கும் கேட்கிறார்கள். உண்மையில் எது?

இரண்டும். அதில்தான் சிக்கலே இருக்கிறது. தோட்டம் குறித்த கிலோவை எடுத்தால் ‘பேர்’ விழும், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். கூடுதலாக எடுத்த கிலோவுக்குத் தனிக்காசு. பல தோட்டங்களில் அளவு 18 கிலோ, சிலவற்றில் 20.

2021இல் சம்பளச் சபை நாள் கூலியை 1,000 ரூபாய் ஆக்கியது. அந்த ஆண்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 21.5 பங்கு தேயிலையாகத் தேறும் என்று வைத்தால், 18 கிலோவுக்கு ஏறத்தாழ 3.9 கிலோ தூள் வரும். கொழும்பு ஏலத்தில் அப்போது கிலோ 600 ரூபாயைச் சுற்றி நின்றது. ஆக, 18 கிலோ கொழுந்து எடுத்த ஒரு பெண் அன்றைக்குக் கூடையில் போட்டது ஏலத்தில் சுமார் 2,300 ரூபாய். அவருக்குச் சம்பளம் 1,000. முதலாளி கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 சதவீதமும் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்த்தால் 1,150. விற்றதில் பாதி கொழுந்து எடுக்கவே போய்விட்டது. மீதிப் பாதியில் உரம், புல் வெட்டு, கவ்வாத்து, ஸ்டோரின் விறகும் மின்சாரமும், உத்தியோகத்தர் சம்பளம், கொழும்புக்கு ஏற்றுச் செலவு, கம்பனியின் லாபம் எல்லாம் வர வேண்டும். 18 கிலோ 15 ஆனால் 2,300 என்பது 1,900 ஆகிவிடும், செலவோ அப்படியே நிற்கும். தோட்ட நிர்வாகம் கிலோவில் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதில் தெரிகிறது.

இனி அந்தப் பெண்ணின் பக்கம். கொழுந்து அவருடைய கையால் முளைப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மழையும் வெயிலும் கூடிவரும்போது 18 கிலோ எளிது. பிப்ரவரி வறட்சியில் அதே மலையில் காலையிலிருந்து மாலை வரை நின்றாலும் பத்துக் கிலோ தேறாது. உரம் போடாமல் விட்டதும், செத்த செடிக்குப் பதில் புதுச்செடி நடாமல் விட்டதும் நிர்வாகம். அரைப்பேர் விழுவது அவருக்கு. அதோடு நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கிலோ, இரண்டு கிலோ கழிப்பார்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று தரம் நிறுவை இருந்தால் ஒவ்வொரு தரமும் கழிவு. தராசு முகத்தைத் தொழிலாளி பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, அதற்கும் போராட வேண்டியிருக்கிறது.

3.9 கிலோ தூளில், கோப்பைக்கு 2 கிராம் என்றால், 1,900 கோப்பைக்கு மேல் தேநீர் வரும். அதற்குப் பிறகு கூலியும் உயர்ந்தது, ரூபாயின் மதிப்பும் சரிந்தது. ஆனால் கணக்கின் அமைப்பு அப்படியே இருக்கிறது. வெளியில் விலை விழுந்தால் உரத்தின் விலையையோ எண்ணெயின் விலையையோ தோட்டத்தால் குறைக்க முடியாது. அழுத்திப் பார்க்கக்கூடிய ஒரே செலவு கூலிதான். இருநூறு ஆண்டுச் சரித்திரம் முழுவதும் அழுத்தம் அங்கேயே விழுந்திருக்கிறது.

கொழுந்து எடுக்க மெஷின் வந்துவிட்டதே?

சமதரையிலும் மட்டமாக வளர்த்த செடியிலும் ஓடும். நுவரெலியாச் சரிவில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பதே பாடு. அதைவிடப் பெரிய தடை இலைத்தரம். கை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும், இன்னும் விரியாததை அடுத்த வாரத்துக்கு விட்டுவைக்கும். மெஷின் முற்றியதையும் தண்டையும் சேர்த்துச் சீவும். தரத்துக்காகவே விலை பெறும் மலைநாட்டுத் தேயிலைக்கு அது கட்டுப்படியாகாது.

ஏற்றுமதி விலையைத் தோட்டம் நிர்ணயிக்க முடியாதா?

முடியாது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கி இன்றும் வாரந்தோறும் நடக்கிறது. தோட்டம் சரக்கையும் மாதிரியையும் தரகரிடம் அனுப்பும். வாங்குகிறவர்கள் முன்கூட்டியே சுவைத்துப் பார்த்துக் குறித்து வைத்திருப்பார்கள். ஒரு தொகுதி விலைபோகச் சில விநாடி போதும். கேட்ட விலை பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்து அடுத்த ஏலத்துக்கு வைக்கலாம், ஆனால் அதற்குள் அடுத்த வாரச் சரக்கு வந்து நிற்கும். பழைய தேயிலைக்கு மதிப்பும் குறையும்.

இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டுக்கே போகிறது. ஈராக், ரஷ்யா, துருக்கி, ஈரான் போன்றவை முக்கியமாக வாங்குபவை. அங்கே போர் என்றாலும் பொருளாதாரத் தடை என்றாலும் பதுளைத் தேயிலை மலையில் தெரியும். எண்ணெய் வாங்கிய வகையில் ஈரானுக்கு இலங்கை தர வேண்டியிருந்த 251 மில்லியன் டொலரை மாதாமாதம் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று 2021இல் உடன்பாடு போட்டார்கள்.

இறப்பருக்கு இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. 1952இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கை ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெற்றது. சாப்பிட முடியாததை விளைவித்து, சோற்றை வெளியிலிருந்து வாங்கும் நாட்டின் நிலை இந்த இரண்டு எண்ணிலும் அடங்கியிருக்கிறது.

இந்தியாவிலும் இப்படித்தானா?

தொடங்கும்போது அப்படித்தான். இன்று இந்தியா தன் தேயிலையில் ஐந்தில் நான்கு பங்கைத் தானே குடிக்கிறது. இறப்பரை உள்ளூர் டயர்த் தொழிற்சாலைகளே வாங்கிக்கொள்கின்றன, போதாமல் இறக்குமதியும் நடக்கிறது. ஆக, ஏற்றுமதி நோக்கு என்பது பயிரின் குணமல்ல, உள்ளூரில் வாங்க ஆள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

விலை விழுந்தால் வேறு பயிருக்கு மாறிவிடலாமே?

தேயிலையைப் பிடுங்கினால் உடனே நடவும் முடியாது. களைத்த மண்ணைத் தேற்ற ஒன்றரை, இரண்டு ஆண்டு புல் வளர்க்கிறார்கள். பிறகு கன்று நட்டு, முதல் கொழுந்துக்கு மூன்று ஆண்டு. ஐந்து ஆண்டு வருமானமே இல்லாமல் அந்த மலையைப் பராமரிக்க வேண்டும். அரசிடமிருந்து எடுத்த குத்தகை 2045 வாக்கில் முடியப்போகும் கம்பனிக்கு அதில் அக்கறை குறைவு. ஆகவே எண்பது, நூறு ஆண்டுக் கிழட்டுச் செடிகளிலேயே கொழுந்து எடுக்கிறார்கள். பட்டினி போட்டாலும் செடி சாகாது, ஆனால் பதில் சொல்லும். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தார்கள். அந்த ஆண்டு 30 கோடிக் கிலோ அளவில் இருந்த உற்பத்தி 2022இல் 25 கோடியாக விழுந்தது.

இத்தனை தலைமுறை ஆகியும் தோட்டத் தொழிலாளர்கள் ஏன் லயத்தில் இருக்கிறார்கள்?

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் அறைகள். அந்த வீடு அவர்களுடையது அல்ல, வேலையோடு ஒட்டியது. தோட்டங்களை 1970களில் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் அரசின் கையிலும் குத்தகை கம்பனியின் கையிலும் இருக்க, பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையில் இருப்பவரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. ஓட்டை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் குடியுரிமையே இல்லை. 1948 சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. போனவர்களில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையைத்தான் மாட்டினார்கள். கன்னியாகுமரி அரசு இறப்பர்த் தோட்டங்களிலும் இப்படிக் குடியமர்த்தினார்கள்.

இப்போது சிறுதோட்டக்காரர்கள்தானே அதிகம்? பெருந்தோட்டம் முடிந்த கதையா?

இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது, பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். இறப்பரில் தாய்லாந்தும் மலேசியாவும் ஏற்கெனவே அப்படி மாறிவிட்டன. மரத்தை வெட்டிப் பால் எடுக்க ஒரு குடும்பமே போதும், கட்டியாக விற்றுவிடலாம் என்பதால் இறப்பருக்கு அந்த மாற்றம் எளிதாக இருந்தது.

மேலே போட்ட கணக்கையே சிறுதோட்டக்காரருக்கும் போடலாம். இலங்கையில் ஏல விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்று விதி. 600 ரூபாய் ஏல விலைக்குப் பச்சைக் கொழுந்து கிலோ 88 ரூபாய் அளவில் வரும். 18 கிலோவுக்குச் சுமார் 1,580. உரம் அவர் செலவு, புல் வெட்டு அவர் வேலை. ஆனால் நிலம் அவருடையது. பிப்ரவரியில் பத்துக் கிலோதான் வந்தால் அதற்கான பணம் வரும், அரைப்பேர் என்று யாரும் எழுத மாட்டார்கள். செடிக்கு நடுவே மிளகு ஏற்றலாம், ஓரத்தில் வாழை வைக்கலாம். விலை மட்டும் அவர் கையிலும் இல்லை. அது கொழும்பு ஏலத்தில்தான் தீர்மானமாகிறது. பெருந்தோட்டத்தின் ஏற்றுமதிப் பக்கம் அப்படியே நிற்க, தொழிலாளர் பக்கம் மட்டும் குடும்பத்துக்குள் போயிருக்கிறது.

சில கம்பனிகள் இதையே லய மக்களுக்கும் கொண்டுவந்து பார்க்கின்றன. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கிக்கொள்வது. கவனமாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: செடியோடு நிலத்துக்கும் எழுத்தில் உரிமை தருகிறார்களா, உரம் யார் கணக்கில்? நிலம் இல்லாமல் பொறுப்பை மட்டும் மாற்றினால், சேமலாப நிதி போய்விடும், வறட்சியின் நட்டமும் தொழிலாளியின் தலையில் ஏறும்.